பெகிக்கான அழுகை பியரெட்டுக்குப் போனது

என் முதலாளி என்னை நாள் முழுவதும் "டீ" என்று கூப்பிடுவார். என் பெயரின் முதல் எழுத்து பாஸ்போட்டில் ஆங்கில 'டி'யாக விழுந்திருந்ததால் வந்த வினை. வேலைக்குச் சேர்ந்த அன்று முழுப்பெயரையும் சொன்னேன். ஐந்தே எழுத்து. 'தே'யில் தொடங்கி 'கி'யில் முடிவது. எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிப்போகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

"இது ரொம்ப நீளம். டீ என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாக, நட்பாக இருக்கும்."

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன, டீ போட்டோ கூப்பிடுறான்? கலியாணம் கட்டின நானே உம்மை நீர் எண்டுதான் கதைக்கிறன்."

"அவை அப்பிடித்தானப்பா. பேரைச் சுருக்கினால்தான் அன்பாம்."

"அப்ப அவன்ர பேர் என்ன?"

"பில்."

"பில்லோ? எங்கையாவது கட்டிவிட்டு வாரும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் 'கட்டாத பில்' ஆனார். காசோலையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவர் வில்லியம். வில்லியம் எப்படி பில் ஆகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. ஆகாயம் ஏன் நீலம் என்று யார் கேட்கிறார்கள்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொன்றியலின் செயின்ட் லோரன் பகுதியில், பனிக்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லொறியில் கொண்டுபோய் ஊற்றும் ஒரு சின்னக் கம்பனி. நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பேன். எடுத்தவுடன், பிரெஞ்சு முதலில் வரவேண்டும் என்கிற சட்டத்துக்காக "பொன்ஜூர்", பிறகு வாடிக்கையாளருக்காக "ஹலோ", பிறகு முதலாளிக்காக "டீ பேசுகிறேன்". அந்த மூன்றையும் ஒரு மூச்சில் சொல்லும்போது தேத்தண்ணிக் கடையில் வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு எதிரே கணக்கு எழுதுபவரின் மேசை. அவர் பெயர் ஜாக். அரசாங்கக் காகிதத்தில் ஜான். சில பிரெஞ்சு அலுவலகங்களிலிருந்து வரும் உறைகளில் யாரோ ஒரு புண்ணியவான் உதவி செய்வதாக எண்ணி அவரை 'ஷாக்' ஆக்கி அனுப்புவார்கள். ஜாக் என்றால் பிரெஞ்சில் ஷாக்தானே என்பது அவர்கள் நினைப்பு. அந்த உறைகளைப் பிரிக்கும்போதெல்லாம் அவருக்கு மின்சாரம் அடித்ததுபோல இருக்கும்.

"ஒரு மனிதனின் பெயரைச் சரியாக எழுதக்கூடத் தெரியாதா? இது மரியாதையா?" என்று என்னிடம்தான் முறையிடுவார். பிறகு, "டீ, அந்த ஸ்டேப்ளரை எடு" என்பார்.

என்னை முழுப்பெயரில் கூப்பிட்டவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் தொலைபேசியில் ஒருவர் இருந்தார். முதலாளியின் தாயார்.

காலையில் நான் மேற்சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் மணி அடிக்கும். "பெகி பேசுகிறேன். என் பிள்ளை இருக்கிறானா?" பிள்ளை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து கையை ஆட்டுவார். இல்லை என்று சொல்லச் சொல்லித்தான். நான் சொல்வேன். நான் பொய் சொல்கிறேன் என்று பெகிக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். அந்தப் பொய்யின்மேல் ஏறி நின்றுகொண்டுதான் நாங்கள் சிநேகிதமானோம்.

முதல் வாரமே கேட்டார்: "உன் பெயர் என்னம்மா? டீ என்பது பெயரில்லை, அது ஒரு எழுத்து."

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். எழுத்தெழுத்தாக உடைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் தொலைபேசியை எடுத்ததும் என் பெயரைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, நீச்சல் பழகிய பிள்ளைபோலச் சிரித்தார். "இரவு பல்லைக் கழற்றி வைக்குமுன் பழகினேன்" என்றார். பல் இல்லாமல் சொல்ல வராதாம்.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் குரல் வந்தது. என் முதுகுவலியை விசாரித்தது. நல்ல பனிச்சப்பாத்து வாங்கினேனா என்று கேட்டது. மலிவு விலைச் சப்பாத்தில், பனி உருக ரோட்டில் போடும் உப்புத்தண்ணீர் ஏறும், ஏமாந்துவிடாதே என்று எச்சரித்தது. நான் அவரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. எப்படி இருப்பார் என்று யோசித்தபோது என் மனதில் வந்தவர் குட்டையான, வெள்ளை முடிக்காரி. காரணம் எதுவும் இல்லை. 'பெகி' என்ற ஒலி அப்படி உருண்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மார்ச் மாதத்தில் சில நாட்கள் மணி அடிக்கவில்லை. பிறகு முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்து, தாயார் காலமாகிவிட்டார் என்றார். வியாழன் பிற்பகல் பார்வைக்கு வைப்பார்கள் என்று மேற்குப் பக்கத்து இறுதிச்சடங்கு இல்லம் ஒன்றின் முகவரியைத் தந்தார். "பெகி உன்னைப் பற்றி அடிக்கடி சொல்வாள், டீ" என்றார். எப்போது சொல்லியிருப்பார்? முதலாளிதான் தொலைபேசியை எடுத்ததே இல்லையே.

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். உருகின பனி சேறாகிக் கிடந்த நாள். கையில் ஒரு சின்னப் பூங்கொத்து. கறுப்பு மேற்சட்டை, பெகி சொன்ன சப்பாத்து. இந்த ஊரில் மரண வீட்டுக்குப் போவது எனக்கு முதல் தடவை. உள்ளே கம்பளம், மங்கின விளக்கு, பியானோ மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பலகை. அதில் வெள்ளை எழுத்தில் மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை.

முதலாவது இத்தாலிய ஆண். விட்டுவிடலாம். இரண்டாவது மார்கரெட். மூன்றாவது பியரெட்.

முதலாளியின் குடும்பப் பெயர் எங்கும் இல்லை. அது எனக்கு ஆச்சரியமில்லை. பெகி முதல் கணவர் இறந்தபின் மறுமணம் செய்தவர் என்று அவரே சொல்லியிருந்தார். இரண்டாவது கணவரின் குடும்பப் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. பலகையில் மார்கரெட்டுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர், பியரெட்டுக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர். இரண்டாவது கணவர் பிரெஞ்சுக்காரராக இருக்கக் கூடாதா? மொன்றியலில் அது புதினமா?

பெகி என்பது சுருக்கப் பெயர் என்ற அளவுக்கு எனக்குத் தெளிவு வந்திருந்தது. ஆனால் எதன் சுருக்கம்? நான் ஒரு தமிழச்சியின் மூளையோடுதான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். நாங்கள் பெயரைச் சுருக்கினால் தலையை வைத்துக்கொள்வோம், அல்லது வாலை வைத்துக்கொள்வோம். சுப்பிரமணியம் சுப்புவாவார், அல்லது மணியமாவார். சந்திரசேகரம் சந்திரனாகலாம், சேகரனாகலாம். எப்படி வெட்டினாலும் துண்டு அதே உடம்பில் இருந்துதான் வரும். சுப்பிரமணியத்தைச் சுருக்கி ஒருவரும் கோபால் ஆக்குவதில்லை.

மார்கரெட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அதில் 'ப' என்ற சத்தமே கிடையாது. பியரெட் 'ப'வில்தான் தொடங்குகிறது. சந்தேகத்துக்கு இடமில்லை. பூங்கொத்தைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது அறைக்குள் போனேன்.

அறை நிறையச் சனம். எல்லாரும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியைக் காணவில்லை. வழக்கம்போலக் கண்ணாடிக் கதவு ஒன்றுக்குப் பின்னால் இருப்பார் என்று நினைத்தேன். முன்னால் திறந்த பெட்டி. அதில் ஒரு குட்டையான, வெள்ளை முடிக்காரி, கையில் செபமாலை. நான் கற்பனை செய்த அதே உருவம்!

எனக்கு மனம் உடைந்துவிட்டது. என் பெயரைப் பல்லைக் கழற்றுமுன் பழகிய வாய் அது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்தது என்று சொன்னால் பொய். கொட்டியது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஊரில் நடந்த சாவுகளுக்கெல்லாம் தொலைபேசியில்தான் அழுதிருக்கிறேன். நிமிடக் கட்டணத்துக்குப் பயந்து அரைகுறையாக அழுத அழுகைகள் அவை. அவையெல்லாம் சேர்ந்து அந்தக் கம்பளத்தின் மேல் வந்து நின்றன. கை கூப்பினேன். விம்மினேன். அறையில் கதை நின்றுபோனது.

கறுப்பு உடுப்பில் ஒரு பெண் வந்து என் தோளைப் பிடித்தார். மகள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பெகிக்கு மகள் இருந்ததைப் பற்றி முதலாளி சொல்லவே இல்லையே என்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும், மதாம்?"

அரசாங்கம் குடியேறிகளுக்கு நடத்தின வகுப்பில் படித்த பிரெஞ்சில் சொன்னேன்: "டெலிபோனில். தினமும் கதைப்போம்."

மகள் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"டெலிபோனிலா? அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்று வருடக்கணக்காகிறதே."

என் பிரெஞ்சு அவ்வளவு மோசமா என்றுதான் முதலில் தோன்றியது. 'பேச்சு நின்றது' என்பதை 'பேசி முடித்தார்' என்று எடுத்துக்கொண்டு, "ஓம், ஓம், போன வாரமும் கதைத்தவர்" என்றேன்.

இந்த நேரத்தில் சுவரோரமாக இருந்த ஒரு கிழவி எழுந்து வந்தார். இறந்தவரின் தங்கை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது.

"உன்னிடம் என்ன சொன்னாள்?"

"என் முதுகுவலியை விசாரிப்பார். நல்ல சப்பாத்து வாங்கச் சொல்வார். மலிவானதை வாங்கி ஏமாறாதே என்பார்."

கிழவி சிலுவை போட்டுக்கொண்டார். "பியரெட்! பியரெட்டேதான்!" என்று அழத் தொடங்கினார். "எங்கள் அப்பா சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். அவள் யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள்!"

எனக்கு ஒரு நாற்காலி வந்தது. கோப்பி வந்தது. ஓரம் வெட்டின முட்டைச் சான்ட்விச் ஒரு தட்டு நிறைய வந்தது. ஒரு மருமகன் என் மேற்சட்டையை வாங்கி மாட்டினார். பேச்சிழந்த கிழவி ஒருத்தி இன்னொரு கண்டத்துப் பெண்ணோடு தொலைபேசியில் பேசின அதிசயத்தைத் தங்கைக்காரி அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி நின்றார். அந்த அறையில் அறிவோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் இரண்டாவது சான்ட்விச்சைக் கடித்தபோது வாசலில் ஜாக் தெரிந்தார். கழிப்பறை தேடி வந்தவர்.

"டீ! இங்கே என்ன செய்கிறாய்?"

"பெகியைப் பார்க்க வந்தேன்."

"பெகி பக்கத்து அறையில் இருக்கிறாள்."

"அது மார்கரெட்."

"ஆமாம், மார்கரெட். பெகி."

நான் சான்ட்விச்சை விழுங்க முடியாமல் அவரைப் பார்த்தேன். அவர் என்னை, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மார்கரெட் எப்படி பெகி ஆகும்?"

"எப்படி என்றால்? ஆகும். எல்லோருக்கும் தெரியும்."

எப்படி விடைபெற்றேன் என்பது தெளிவாக நினைவில்லை. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அறை மாறிவிட்டது என்றேன். அவர் முகம் இளகிச் சிரித்தேவிட்டார். "சித்தியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கு அவர் சந்தோஷமாக இருக்கிறார்" என்றார். பூங்கொத்து பியரெட்டின் காலடியில் இருந்தது. திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து அறையில் பத்துப் பேர்கூட இல்லை. சான்ட்விச் இல்லை. பெட்டி மூடியிருந்தது, மேலே ஒரு படம். பெகி உயரமானவர், ஒல்லி, கூர்மையான மூக்கு, கறுப்புச் சாயம் பூசின முடி. என்னை ஏமாற்றிவிட்டாரே என்று தோன்றியது. இரண்டு எழுத்துச் சத்தத்தை நம்பி ஓர் ஆளையே நான் கட்டி வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. எல்லாம் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டேன். வெறுங்கையோடு, காய்ந்த கண்ணோடு, உதட்டில் முட்டைத் துகளோடு நின்ற என்னைப் பார்த்து முதலாளியின் மனைவி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "இவர்கள் உணர்ச்சியைக் காட்டமாட்டார்கள், அது அவர்கள் கலாச்சாரம்."

அடுத்த வாரம் முழுக்க அலுவலகத்துக்கு இதுதான் பலகாரம். ஜாக் ஓட்டுநர்களுக்குச் சொன்னார், ஓட்டுநர்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். முதலாளி துக்கத்திலும் சிரித்தார். "டீ தப்பான பெட்டிக்கு அழுதாள்!" எண்ணெய்க்கு அழைக்கும் முன்பின் தெரியாத கிழவர்கள்கூட என்னிடம், "நீதானா அந்தப் பெண்?" என்று கேட்டார்கள். எனக்கு எரிந்தது. பிழை யாருடையது? மார்கரெட்டை பெகி ஆக்கினவர்களுடையதா, அதை நம்பாதவளுடையதா?

ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தேன். முதலாளியிடம்: நீங்கள் ஏன் பில்? "ஏனென்றால் நான் வில்லியம்." ஜாக்கிடம்: நீங்கள் ஏன் ஜாக்? "ஏனென்றால் நான் ஜான்." காரணமா கேட்டேன்? கேள்வியையே திருப்பித் தந்தார்கள். ஜானும் ஜாக்கும் ஒரே நீளம்தானே, என்னத்தைச் சுருக்கினீர்கள் என்று கேட்டதற்கு ஜாக் கோப்பி எடுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை ஓர் ஆங்கில நூலகத்துக்குப் போய், பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதற்கான தடித்த அகராதி ஒன்றை எடுத்தேன். முத்திரை குத்தின பெண் என் வயிற்றைப் பார்த்து, "வாழ்த்துக்கள்! எத்தனை மாதம்?" என்றார். இது இறந்துபோன ஓர் அம்மாவுக்காக என்றேன். முத்திரை பாதியில் நின்றது.

அந்தப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. விஷயம் இதுதான். நோர்மன்காரர்கள் வந்து ஆண்டபிறகு இங்கிலாந்தில் பெயர்ப் பஞ்சம். ஊர் முழுக்க வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான். கிணற்றடியில் நின்று "வில்லியம்" என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பும். முதலில் பெயரை நறுக்கினார்கள்: வில், ராப், ரிக். அதுவும் போதவில்லை. ஆகவே நறுக்கின துண்டின் முதல் சத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை ஒட்டினார்கள். ரிக் என்பவன் டிக் ஆனான், ஹிக்கும் ஆனான். ராப் என்பவன் ஹாப் ஆனான், டாப் ஆனான். பல காலம் கழித்து பாப் வந்தான். வில்லும் அப்படித்தான் பிந்தி பில் ஆனான். மார்கரெட்டை மாக் என்று நறுக்கினார்கள், அது மெக் என்று ஒலி மாறியது, மெக்கின் 'ம'வைப் பிடுங்கிவிட்டு 'ப'வை நட்டார்கள்: பெக். செல்லத்துக்கு வாலில் ஓர் இகரம்: பெகி. இதே வழியில் மேரி மாலியாகி, மாலி பாலியானாள். மேரியின் 'ர' எங்கே போனது? அவர்களுடைய குழந்தைகளுக்கு 'ர' வாயில் வராமல் 'ல' ஆனதாம். சாரா சாலியானதும் ஹாரி ஹால் ஆனதும் அதே நோயால்தான்.

எட்வர்ட் நெட் ஆன கதை இன்னும் விசேஷம். உயிரெழுத்துக்கு முன்னால் 'என்' என்பதை அந்தக் காலத்தில் 'மைன்' என்பார்களாம். 'மைன் எட்' என்றால் 'என் எட்'. அதைக் காதில் வாங்கினவர்கள் தவறான இடத்தில் வெட்டி 'மை நெட்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெய்யெழுத்து ஒரு சொல்லில் இருந்து இறங்கி அடுத்த சொல்லில் ஏறி, டிக்கெட் இல்லாமல் அறுநூறு எழுநூறு வருடம் பயணம் செய்திருக்கிறது.

எனக்குப் பொறி தட்டியது. பள்ளிக்கூடத்தில் யாப்பு படித்திருக்கிறேன். முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. வில், பில். ரிக், டிக். மெக், பெக். இவர்கள் பெயரை எதுகையில் மாற்றியிருக்கிறார்கள். நான் பலகைக்கு முன்னால் நின்று மோனை தேடியிருக்கிறேன்! அதுமட்டுமா? 'ம'வும் 'ப'வும் உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்துகள் என்பது எட்டாம் வகுப்பு இலக்கணம். மெக்கிலிருந்து பெக்குக்கு உதடு அசையவே தேவையில்லை. புத்தகம் கித்தகம், சோறு கீறு என்று நாங்கள் சும்மா ஒரு பேச்சுக்குச் செய்வதை இவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பெயருக்குச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு எப்போதும் 'கி'தான். இவர்களுக்கு எந்த எழுத்து கையில் அகப்பட்டதோ அது.

கடைசியில் டெய்சி. மார்கரெட்டுக்கு அதுவும் ஒரு சுருக்கமாம். காரணம், ஆங்கிலத்தில் டெய்சி என்கிற பூவுக்குப் பிரெஞ்சில் மார்கரீத் என்று பெயர். பெயரை மொழிபெயர்த்துச் செல்லமாக்கியிருக்கிறார்கள். பஸ் தரிப்பிடத்துப் பூக்கடையில் அந்தச் சொல்லைத் தினமும் வாசித்துக்கொண்டு நான் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஜாக் ஓர் ஓட்டுநருக்குப் பெட்டிக் கதையை மறுபடி தொடங்கினார். நான் முந்திக்கொண்டேன்.

"ஜாக், உங்கள் பெயரின் கதையையும் சொல்லவா? ஜானுக்குப் பின்னால் 'சின்ன' என்ற பொருளில் 'கின்' சேர்த்து ஜான்கின் என்றார்கள். அது ஜாக்கின் என்று தேய்ந்து, பிறகு வால் அறுந்து ஜாக். சின்ன ஜான். இல்லை, பிரெஞ்சு ஷாக்கில் இருந்துதான் வந்தது என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள்."

ஜாக்கின் காது சிவந்தது. "நான் ஷாக் இல்லை!"

"ஜாக் என்ற பெயர் அவ்வளவு மலிவானதால் கூலியாள், வேலைக்காரன் எல்லோருக்கும் அதுவே பொதுப் பெயர் ஆனது. உங்கள் லொறியைத் தூக்குகிற ஜாக்கிக்கும் அந்தப் பெயர்தான்."

ஓட்டுநர் மேசையில் அறைந்து சிரித்தான். சத்தம் கேட்டு முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்தார். எனக்கு வேகம் பிடித்திருந்தது.

"நீங்களும்தான். வில்லியத்தில் 'ப' கிடையாது. யாரோ ஒருவன் எழுநூறு... சரி, சில நூறு வருடத்துக்கு முன் விளையாட்டுக்கு ஒட்டின எழுத்து அது. அதைக் கதவில் பித்தளையில் பொறித்து வைத்திருக்கிறீர்கள்."

அவர் சிரித்தபடிதான் நின்றார். "நல்லது, டீ. நிறையப் படித்திருக்கிறாய்."

"என் பெயர் டீ இல்லை. எங்கள் பாஷையில் டீ என்றால் தேத்தண்ணி. இல்லையென்றால் பெண்ணை மரியாதையில்லாமல் அழைக்கிற சொல். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. ஐந்து எழுத்து நீளம் என்றீர்கள். உங்கள் அம்மா ஒரே இரவில் பழகினார்."

சிரிப்பு நின்றது. முதலாளி உள்ளே போனார். கதவும் மூடிக்கொண்டது. ஓட்டுநர் லொறிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். தாயை இழந்தவரைத் தாயை வைத்தே குத்தியிருக்கிறேனே என்று கொஞ்சம் நெஞ்சு உறுத்தியது. கொஞ்சம்தான்.

மாலையில் அவர் வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "அவள் தினமும் அழைத்தாளா?" என்று கேட்டார்.

"தினமும்."

"நான் பிறகு பேசலாம் என்று இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்தப் பெயரை மெதுவாக ஒரு தடவை சொல்" என்றார். சொன்னேன்.

மறுநாளில் இருந்து முயற்சி நடந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். காரில் வரும்போது பழகுகிறேன் என்றார். ஆனால் அவருடைய நாக்கு அவருடைய முன்னோரின் நாக்கு. முதல் இரண்டு எழுத்தும் வாசலிலேயே விழுந்தன. மிச்சம் 'நாயகி'. அது சில நாளில் 'நயாகி' ஆனது. ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன் என்று ஒருநாள் உற்சாகமாக வந்தார். அன்றிலிருந்து நான் 'நயாகரா'.

ஓட்டுநர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் லொறியில் இருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறவர்களுக்கு நயாகராவும் நீளம். நீர்வீழ்ச்சிதானே என்று 'ஃபால்ஸ்' ஆக்கினார்கள். மார்கரெட் எந்தக் குறுக்குச் சந்தால் டெய்சி ஆனாளோ, அதே சந்தால் நானும் கொண்டுபோகப்பட்டேன். முழுப்பெயர் வேண்டும் என்று போராடப் போனவளுக்கு, அதில் ஓர் எழுத்துக்கூட மிஞ்சாத பெயர் வாய்த்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஃபால்ஸ் எண்டா விழுறது எல்லோ? டீ எவ்வளவோ திறம்."

அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று இருவரும் முடிவெடுத்தோம். வெட்டுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இரண்டே எழுத்தில் ஒரு தமிழ்ப்பெயர், 'லா'வில் முடிவது. எந்த ஆங்கிலேயனாலும் இதை இன்னும் குறுக்க முடியாது என்று கணவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குறுக்கவில்லை. பிள்ளையைப் பகலில் நாங்கள் விட்ட கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் பிரெஞ்சுக்காரர்களுடையது. அவர்களுக்குச் செல்லம் என்றால் வெட்டுவது மட்டுமில்லை, ஒரு துண்டைப் பிடித்து இரண்டு தரம் சொல்வதும்தான். லூயிஸ் அவர்களுக்கு லூலூ. என் பிள்ளையின் முதல் எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மிச்சத்தை இரட்டித்தார்கள். மாலையில் கூட்டிவரப் போனபோது ஆசிரியை வாசலில் நின்று, "லாலா! உன் அம்மா வந்துவிட்டார்!" என்று கூவினார். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கு அவள் திரும்பவே இல்லை.

மொன்றியலின் டொலார்ட் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், எஞ்சினியர், இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "லாலாவா? எங்க ஊர்ல அது அல்வாக் கடைங்க!" என்றார். பிள்ளைக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான் விருப்பம். அவளுடைய சிநேகிதிகள் அதையும் நீளம் என்று சொல்லி, இப்போது 'லா' என்கிறார்கள்.